தேடத் தொடங்கும் முன் எழுதவேண்டியவை: பள்ளிகளில் தற்கொலைத் தடுப்பு ஆய்வுகளைத் திரட்டும் முறை

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. அந்த எண்ணில் கல்லூரி மாணவர்களும் அடக்கம். பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்தத் தலைப்பு பிரித்துச் சொல்வதில்லை. செய்தி வரும்போதெல்லாம் பள்ளிகளில் ஏதாவது செய்தாக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி, வகுப்பில் ஒரு மனநலப் பாடம், மாணவர் எல்லோரிடமும் கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிவது என்று திட்டங்களுக்குக் குறைவில்லை. எந்தத் திட்டம் எங்கே செய்து பார்க்கப்பட்டது, அதில் எதை அளந்தார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டால், ஓரிடத்தில் திரட்டிய பதில் வேண்டும்.

அப்படித் திரட்டும் வழிகளில் ஒன்றுதான் ஸ்கோப்பிங் ரிவ்யூ. ஒரு துறையில் இதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடி எடுத்து, எங்கே என்ன இருக்கிறது, எங்கே ஒன்றுமே இல்லை என்று வரைபடம் போல வரைந்து காட்டும் வேலை அது. 2005-இல் ஆர்க்ஸி, ஓமாலி என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதற்குப் படிநிலைகளை வகுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள ஜோன்னா பிரிக்ஸ் நிறுவனம் பிறகு அதை விரிவாக்கியது. இதன் சகோதரியான சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, ‘இந்தச் சிகிச்சை பலன் தருகிறதா’ என்று ஒரே கேள்வியைக் குறுக்கிக் கேட்கும், ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோடும். ஸ்கோப்பிங் ரிவ்யூ பெரும்பாலும் தரத்தை எடைபோடாது. ஆகவே ‘இந்தத் திட்டமே சிறந்தது’ என்று அது தீர்ப்பளிக்கவும் கூடாது.

இந்த வேலையின் விதியைத் தீர்மானிப்பது தேடுவதற்கு முன்பே எழுதப்படும் புரோட்டோகால். எதைத் தேடுவோம், எதைச் சேர்ப்போம், எதை விடுவோம், சேர்த்த ஒவ்வொன்றிலிருந்தும் என்னென்ன குறித்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே எழுதி, தேதியோடு பொதுவில் வைக்கும் ஆவணம் அது. சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்களைப் பதிவுசெய்யும் ‘பிராஸ்பெரோ’ ஸ்கோப்பிங் ரிவ்யூவை ஏற்பதில்லை. அதனால் பெரும்பாலோர் ‘ஓப்பன் சயன்ஸ் ஃபிரேம்வொர்க்’ தளத்தில் வைக்கிறார்கள். முன்பே எழுதிவைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வுகளைப் படித்த பிறகு எல்லை போட்டால், நமக்குப் பிடித்த ஆய்வு உள்ளே வரும்படி எல்லை நம்மை அறியாமலே நகர்ந்துவிடும்.

பள்ளித் தற்கொலைத் தடுப்புக்கு இப்படியொரு புரோட்டோகால் எழுதவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இது: பள்ளி வழியாக மாணவர்களுக்குச் செய்யப்பட்ட தற்கொலைத் தடுப்பு முயற்சிகள் உலகில் எவை, யார் நடத்தினார்கள், எதை அளந்தார்கள்? தகுதி வரையறையை மூன்று தலைப்புகளில் எழுதுவது வழக்கம். யாரைப் பற்றியது, எந்தச் செயலைப் பற்றியது, எந்தச் சூழலில் நடந்தது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள், தற்கொலையைத் தடுக்கும் திட்டம், பள்ளி வளாகம் என்று மூன்று வரியில் எழுதி முடித்துவிடலாம். பிறகு உண்மையான ஆய்வுகளை ஒவ்வொன்றாக அந்த மூன்று வரியின் முன் நிறுத்தினால்தான் சிக்கல் தெரியும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1980-களின் நடுவில் முதல் வகுப்புக் குழந்தைகளிடம் ‘நன்னடத்தை விளையாட்டு’ என்ற வகுப்பறை முறையைச் செய்து பார்த்தார்கள். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, அடம், சண்டை, கவனச்சிதறல் குறைந்த குழுவுக்குப் பரிசு. தற்கொலை என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் குழந்தைகள் இருபது வயதை ஒட்டி வளர்ந்தபின் விசாரித்தபோது, முதலில் விளையாடிய அணியில் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு விளையாடிய அணியில் அதே முடிவு அவ்வளவு உறுதியாகக் கிடைக்கவில்லை. இந்த ஆய்வு நம் மூன்று வரிக்குள் வருமா? திட்டம் நடந்த வயது ஆறு, ஏழு. நம் எல்லை ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மேலும் அது தற்கொலைத் தடுப்பு என்ற பெயரில் நடக்கவில்லை. எழுதியபடி பார்த்தால் வெளியே தள்ள வேண்டும். தள்ளினால், இத்தனை ஆண்டு தொடர்ந்து பார்த்த அரிய ஆய்வு ஒன்று வரைபடத்திலிருந்து மறைந்துபோகும்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் நடந்த ‘சேஹெர்’ ஆய்வு இதற்கு நேர்மாறு. பள்ளியின் சூழலையே மாற்றும் திட்டம் அது. சில பள்ளிகளில் அதை ஆசிரியர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச்சூழல், மனச்சோர்வு, பிள்ளைகளுக்குள் நடக்கும் துன்புறுத்தல் ஆகியவற்றில் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆசிரியர்கள் நடத்தியவற்றில் அப்படித் தெரியவில்லை. நம் நாட்டுப் பள்ளியில் எது நடக்கும், யார் நடத்தினால் நடக்கும் என்று அறிய இதைவிடப் பயனுள்ள ஆய்வு அதிகம் இல்லை. ஆனால் இதன் நோக்கமாகத் தற்கொலைத் தடுப்பு சொல்லப்படவில்லை, முதன்மை அளவீடும் அது அல்ல.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தபின் செயல் என்ற தலைப்பின் விதியை இப்படித் திருத்தி எழுதலாம் என்பது என் கருத்து. தற்கொலையைத் தடுப்பது என்று திட்டம் தன் நோக்கத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது தற்கொலை எண்ணம், முயற்சி, மரணம் ஆகியவற்றில் ஒன்றையாவது அளந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். திட்டம் நடந்த வயதுக்குக் கீழ்வரம்பு வேண்டாம். இந்த விதிப்படி பால்டிமோர் ஆய்வு உள்ளே வந்துவிடுகிறது. நாளந்தா வெளியே நிற்கிறது. வெளியே நின்றாலும் அதைத் தூக்கி எறியாமல், ‘அருகில் நிற்பவை’ என்று தனிப்பட்டியலில் காரணத்தோடு எழுதிவைக்கலாம். விலக்கியதற்கான காரணத்தை எழுதிவைப்பது புரோட்டோகாலின் கடமை. படிக்கிறவர் நம் எல்லையோடு உடன்படாவிட்டால், என்ன விடுபட்டது என்று அவருக்காவது தெரியும்.

தமிழ்நாட்டிலேயே இன்னும் கடினமான ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தோற்றவர்கள் அடுத்த ஆண்டுவரை காத்திருக்காமல், சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர இங்கே வழி இருக்கிறது. 1986-இல் சென்னையில் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்களைக் குறைக்கும் வழியாக இதை எடுத்துச்சொன்னவர்களில் ஒருவர். இதில் பாடம் இல்லை, பயிற்சி இல்லை, கேள்வித்தாள் இல்லை. தேர்வுத் துறை போட்ட ஒரு நிர்வாக ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் ஒரு மதிப்பெண் பட்டியலால் ஓராண்டு பறிபோய்விடும் என்ற அச்சத்தை அது நேரடியாகத் தொடுகிறது. ‘திட்டம்’ என்ற சொல்லை வைத்துத் தேடினால் இது ஒருபோதும் கண்ணில் படாது. அதனால் செயல் என்பதில் பள்ளிக்கல்வித் துறையின் விதிமாற்றங்களும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதவேண்டும். அரசாணைகளையும் அறிக்கைகளையும் தனியே தேடும் படி ஒன்றையும் சேர்க்கவேண்டும். ஒன்றிய கல்வி அமைச்சகம் 2023-இல் பள்ளிகளுக்காக வெளியிட்ட ‘உம்மீத்’ வழிகாட்டு வரைவு போன்றவை அந்தப் படியில்தான் கிடைக்கும்.

சூழல் என்ற தலைப்பிலும் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். ஒன்று, பயிற்சி மையங்கள். கோட்டா போன்ற இடங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் பகல் முழுவதும் இருப்பது பள்ளியில் அல்ல, நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையத்தில். மாணவர் பதினெட்டு வயதுக்குட்பட்ட பள்ளி மாணவராக இருந்தால் சேர்க்கலாம், படிவத்தில் இடத்தைத் தனியாகக் குறிக்கவேண்டும். இரண்டு, ஊர் முழுவதற்குமான திட்டத்தில் பள்ளி ஒரு பகுதியாக இருப்பது. குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் நடந்த ‘ஸ்பிரிட்’ ஆய்வில் பள்ளி மாணவர் பயிற்சியோடு, பூச்சிமருந்தைப் பாதுகாப்பாக வைக்கும் பொதுக் கிடங்கும் கிராம சுகாதாரப் பணியாளர் பயிற்சியும் சேர்ந்திருக்கின்றன. பள்ளிப் பகுதியைப் பற்றிய தகவல் தனியாகப் பிரித்துத் தரப்பட்டிருந்தால் மட்டும் சேர்ப்பது என்ற விதி இங்கே நியாயமானது. இத்தனை விதி எழுதினாலும் ஒரு குறை தீராது. பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகள் இந்த வரைபடத்தில் எங்குமே வரமாட்டார்கள். அதைப் புரோட்டோகாலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

தேடும் வரி இந்த விதிகளிலிருந்துதான் பிறக்கிறது. மருத்துவத்துக்குப் பப்மெட், உளவியலுக்குச் சைக்இன்ஃபோ, கல்விக்கு எரிக் என்ற மூன்று தரவுத்தளங்களாவது வேண்டும். சுருக்கமாக இப்படி இருக்கும்:

```
(suicid* OR "self-harm")
AND (school* OR pupil* OR teacher*)
AND (prevent* OR program* OR polic* OR screen*)
```

நட்சத்திரக் குறி, அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் இழுத்துவரும். மூன்றாவது வரியில் polic* இல்லாவிட்டால் விதிமாற்றங்கள் பற்றிய ஆய்வுகள் வராது. அதே சொல் காவல்துறை பற்றிய கட்டுரைகளையும் சேர்த்து இழுத்துவரும், அவற்றைக் கையால் விலக்க வேண்டியதுதான். வரி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. கட்டாயம் வரவேண்டும் என்று முன்பே தெரிந்த சில ஆய்வுகளைப் பட்டியலிட்டுக்கொண்டு, அவை வருகின்றனவா என்று பார்ப்பது. பால்டிமோர் ஆய்வு வரவில்லை என்றால் குறை வரியில்தான்.

வந்தவற்றை இருவர், ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல், தலைப்பும் சுருக்கமும் படித்துப் பிரிப்பார்கள். முதலில் 25 கட்டுரைகளை மாதிரிக்கு எடுத்துப் பிரித்துப் பார்த்து, முக்கால் பங்காவது இருவர் முடிவும் ஒத்துப்போன பிறகே முழு வேலையைத் தொடங்கவேண்டும் என்கிறது ஜோன்னா பிரிக்ஸ் கையேடு. ஒத்துப்போகாத இடம்தான் விதி தெளிவில்லாத இடம். உதாரணத்துக்கு, ஆசிரியர்களுக்கு ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுத்துவிட்டு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆசிரியரின் அறிவை மட்டும் தேர்வுவைத்துப் பார்த்த ஆய்வுகள் பல உண்டு. மாணவரைப் பற்றி அவற்றில் ஒரு தகவலும் இருக்காது. ஒருவர் சேர்ப்பார், மற்றவர் விடுவார். நம் விதிப்படி நோக்கம் தற்கொலைத் தடுப்பு என்பதால் சேர்க்க வேண்டும். சேர்த்தால்தான், ஆசிரியருக்குத் தெரிந்ததா என்று மட்டும் பார்த்து நின்றுவிட்ட ஆய்வுகள் எத்தனை, பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தவை எத்தனை என்பது வரைபடத்தில் தெரியும்.

இனிப் பதிவுப் படிவம். சேர்த்த ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டம். ஆண்டு, நாடு, மாணவர் எண்ணிக்கை என்று வழக்கமான கட்டங்கள் எல்லோருக்கும் தெரியும். படிவம் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முழு ஆய்வை அதில் நிரப்பிப் பார்ப்பதே வழி. இந்தத் துறையின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்றான ‘செய்ல்’ ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடனின் டனூட்டா வாசர்மன் தலைமையில் நடந்து, 2015-இல் லேன்செட் இதழில் வெளிவந்தது.

இடம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 10 நாடுகள், 168 பள்ளிகள். மாணவர்: 11,110 பேர், பெரும்பாலும் பதினைந்து வயதை ஒட்டியவர்கள். பள்ளிகளைக் குலுக்கலில் நான்கு அணிகளாகப் பிரித்தார்கள். ஓர் அணியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இன்னோர் அணியில் கேள்வித்தாள் மூலம் ஆபத்தில் இருப்பவர்களைக் கண்டறிந்து மருத்துவரிடம் அழைப்பது. மூன்றாவது அணியில் ‘யாம்’ என்ற மாணவர் நிகழ்ச்சி. நான்காவது அணியில் வகுப்பறைச் சுவரொட்டிகள் மட்டும். ‘என்ன செய்தார்கள்’ என்ற கட்டத்தில் ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ என்று இரண்டு சொல் எழுதினால் ஒருவருக்கும் பயன்படாது. யாம் நிகழ்ச்சி நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு மணி நேர உரையாடல், நடுவில் மூன்று மணி நேரம் மாணவர்களே வேடமேற்று நடித்துப் பார்க்கும் பயிற்சி. கூடவே வீட்டுக்கு எடுத்துச்செல்ல 32 பக்கக் கையேடு, வகுப்பில் ஆறு சுவரொட்டிகள். நடத்தியவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் அல்ல, வெளியிலிருந்து வந்த பயிற்சி பெற்றவர்கள். இவ்வளவும் கட்டத்தில் இருந்தால்தான் ஒரு பள்ளி தன்னால் முடியுமா என்று யோசிக்க முடியும்.

அடுத்த கட்டம், எப்போது அளந்தார்கள். மூன்றாம் மாதத்தில் அணிகளுக்குள் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. பன்னிரண்டாம் மாதத்தில், யாம் அணியில் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள் 14 பேர், சுவரொட்டி அணியில் 34 பேர். நூற்றில் சொன்னால் 0.70, 1.51. மற்ற இரு அணிகளில் அப்படிப்பட்ட வேறுபாடு கிடைக்கவில்லை. ‘கடைசி அளவீடு’ என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் மூன்றாம் மாதத்துச் செய்தி விழுந்துபோயிருக்கும். மூன்று மாதத்தோடு நிறுத்திய வேறோர் ஆய்வை இதனோடு ஒப்பிடும்போது அது மிக முக்கியம். எனவே எல்லா அளவீட்டு நாளுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

எதை அளந்தார்கள் என்ற கட்டத்தை மூன்றாகப் பிரிப்பது நல்லது: எண்ணம், முயற்சி, மரணம். செய்ல் ஆய்வின் வரிசையில் மரணக் கட்டத்தில் பூஜ்யம் விழும். ஆய்வு நடந்த காலத்தில் பங்கேற்றவர்களில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. அது ஆறுதல்தான். ஆனால் பதினோராயிரம் பேரைச் சேர்த்த ஆய்விலும் மரணத்தைத் தடுத்தோமா என்று சொல்ல வழியில்லை என்பதையும் அந்தப் பூஜ்யம் காட்டுகிறது. முயற்சியைக் குறைத்த திட்டத்தை ‘உயிர் காத்தது’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க இந்த ஒரு கட்டம் போதும்.

யார் கணக்கில் இல்லை என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். செய்ல் ஆய்வில், தொடக்கத்திலேயே முன்பு தற்கொலைக்கு முயன்றிருந்தவர்களும் அண்மையில் தீவிர எண்ணம் கொண்டிருந்தவர்களும் முக்கியக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. புதிதாக நேர்பவற்றைத் தடுக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி என்பதால் அது முறையானதே. ஆனால் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த நிகழ்ச்சி என்ன செய்யும் என்பதற்கு அந்த 14-இலும் 34-இலும் பதில் இல்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றிய கேள்வி நம்மைத் தீங்கு என்ற கட்டத்துக்குக் கொண்டுவருகிறது. பல படிவங்களில் இந்தக் கட்டமே இருப்பதில்லை. 1990-இல் அமெரிக்காவில் டேவிட் ஷாஃபர் குழு, வகுப்பறைத் தற்கொலைத் தடுப்புப் பாடங்களைக் கேட்ட மாணவர்களை விசாரித்தது. முன்பு தற்கொலைக்கு முயன்றிருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக அந்தப் பாடங்களை விரும்பாமல் எதிர்வினை காட்டினார்கள். 2005-இல் மேட்லின் கூல்டு குழு நியூயார்க் மாநிலத்தின் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் வேறொன்றைப் பார்த்தது. ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள், மறுபாதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு அதனால் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ‘கேட்டால் புத்தியில் ஏற்றிவிடுவோம்’ என்று பெற்றோரும் ஆசிரியரும் அஞ்சுவதற்கு அது ஒரு தெளிவான பதில். இரண்டு ஆய்வும் முரண்படுவதுபோல் தோன்றினாலும் வேறுவேறு செயல்களைப் பற்றியவை. ஒன்று வகுப்பு முழுவதற்கும் நடத்திய பாடம். மற்றது ஒவ்வொரு மாணவரிடமும் கேட்ட கேள்வி. படிவத்தில் ‘செயலின் வகை’யும் ‘தீங்கு’ம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது விளங்கும்.

தீங்குக் கட்டத்தில் ‘இல்லை’ என்று மட்டும் எழுதக்கூடாது என்றும் விதி எழுதவேண்டும். தேடினார்கள், கிடைக்கவில்லை என்பது ஒன்று. தேடவே இல்லை என்பது வேறு. தேடினார்களா என்றே கட்டுரையில் சொல்லவில்லை என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே ‘இல்லை’யில் போட்டுவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். இந்தப் படிவத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லும் கட்டம் இதுதான்.

படிவத்தையும் முதலில் சில ஆய்வுகளில் இருவர் தனித்தனியாக நிரப்பிப் பார்க்கவேண்டும். அப்போது எந்தக் கட்டமும் தாங்காத தகவல்கள் தலைகாட்டும். கண்டறியப்பட்ட பிள்ளை பிறகு எங்கே அனுப்பப்பட்டார், அங்கே போனாரா, யார் பார்த்தார்கள் என்பது அப்படிப்பட்டது. மனநல மருத்துவர் எட்டும் தூரத்தில் இல்லாத ஊருக்கு அதுதான் முதல் கேள்வி. பாதிவழியில் கட்டம் சேர்ப்பது இந்த முறையில் தவறல்ல. எந்தத் தேதியில், ஏன் சேர்த்தோம் என்று எழுதிவைத்தால் போதும், முன்பு நிரப்பிய ஆய்வுகளையும் மறுபடி திறந்து அந்தக் கட்டத்தை நிரப்பவேண்டும். ஆர்க்ஸியும் ஓமாலியும் விருப்பத்துக்கு விட்ட ஆறாவது படி, வரைபடத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்பது. பள்ளி ஆலோசகர்களையும் மாணவர்களையும் முடிவில் கூப்பிடுவதைவிட, படிவம் எழுதும்போதே கூப்பிடுவது நல்லது. எங்கே அனுப்புவது என்ற கேள்வியை முதலில் எழுப்பக்கூடியவர்கள் அவர்கள்தான்.

உங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனம் தற்கொலைத் தடுப்பு நிகழ்ச்சியோடு வந்தால் மூன்று கட்டங்களை நிரப்பித் தரச் சொல்லுங்கள்: எதை, எப்போது அளந்தீர்கள்? தீங்கு இருக்கிறதா என்று தேடினீர்களா? ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் எங்கே அனுப்புவீர்கள்?

உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ தெரிந்தவர்களுக்கோ உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், இந்தியாவில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.